சொந்தக் கணக்கைத் தொழிற்கணக்காக மாற்றுதல்
கமக்காரர் அறியவேண்டிய மாற்றங்களும் வரம்புகளும்

தலைமன்னாரிலும் மன்னார்த் தீவின் பிற கிராமங்களிலும் மணற்பாங்கான நிலத்திற் கிணற்று நீரிறைத்துக் கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை முதலியன பயிரிடுவோருக்கும், பெருநிலப்பரப்பிற் கட்டுக்கரைக் குளத்தின்கீழ் நெற்செய்கை நடத்துவோருக்கும் உரியது இப்பிரசுரம். விளைபொருளைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் இட்டு, வாங்குவோரை நேரே தேட விரும்பும் கமக்காரர் இதனைத் தம் கைத்தொலைபேசியை அருகில் வைத்துக்கொண்டு படிப்பாராக.

இன்ஸ்டாகிராமிற் புதிதாகத் திறக்கப்படும் கணக்கு ஒரு சொந்தக் கணக்காகவே அமையும். அதனைப் பின்னர்த் தொழிற்கணக்காக மாற்றிக்கொள்ளலாம். இம்மாற்றத்திற்குக் கட்டணம் இல்லை. ஐந்து நிமிடத்திற்குட் செய்து முடிக்கலாம். மாற்றிய பின் சொந்தக் கணக்கிற்குத் திரும்பவும் இயலும். ஆயினும், மாற்றிய அக்கணத்தில் நிகழ்வனவற்றுள் ஒன்றைத் திரும்பிச் செல்வதனால் மட்டும் சரிசெய்தல் இயலாது. அது யாது, அதற்கு முன்னரே செய்துகொள்ளவேண்டிய காப்பு யாது என்பதே இங்கு முதன்மையாகக் கூறப்படுகின்றது.

1. மூவகைக் கணக்குகள்

சொந்தக் கணக்கு, படைப்பாளர் கணக்கு, வணிகக் கணக்கு எனக் கணக்குகள் மூவகைப்படும். பின்னைய இரண்டும் தொழிற்கணக்கு என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. திரையில் இவை Creator என்றும் Business என்றும் காணப்படும்.

சொந்தக் கணக்கை மறைவாக வைத்திருக்கலாம். அவ்வாறு வைத்திருப்பின், உரியவர் இசைவு கொடுத்தவர்கள் மாத்திரமே படங்களைப் பார்க்க இயலும். ஏனையோர் அனுப்பும் வேண்டுகோள்கள் இசைவை எதிர்நோக்கி வரிசையிற் காத்திருக்கும்.

தொழிற்கணக்கை மறைவாக வைத்தல் இயலாது. இதுவே இவ்விரு இனங்களுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு. தொழிற்கணக்கிற்குப் படலை உண்டு. ஆனால் அதனைச் சாத்த முடியாது. ஏனைய வேறுபாடுகள் இதற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கவை.

2. மாற்றிய கணத்தில் நிகழ்வது

மறைவாக இருந்த கணக்கைத் தொழிற்கணக்காக மாற்றும்போது, அது உடனே பொதுக்கணக்காகிவிடும். அதனோடு, காத்திருந்த வேண்டுகோள்கள் யாவும் தாமாகவே ஏற்கப்பட்டுவிடும். அவற்றை அனுப்பினோர் அனைவரும் கணக்கைப் பின்தொடர்வோர் ஆவர். முன்னர் இட்ட படங்களும், முகப்பிற் சேர்த்துவைத்த கதைத் தொகுதிகளும் யார் கண்ணிற்கும் புலப்படும்.

அன்றியும், 2025 யூலை 10ஆந் தேதி முதல் தொழிற்கணக்குகளின் பொதுப் படங்களும் காணொளிகளும் கூகிள் முதலிய தேடுபொறிகளிற் காட்டப்படலாம். இதனை விரும்பாதோர் Account privacy என்னும் பகுதியிலுள்ள தேடுபொறி பற்றிய பொத்தானை அணைத்துவிடலாம்.

இவற்றின் விளைவை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம்.

3. ஓர் எடுத்துக்காட்டு

தலைமன்னாரிற் கால் ஏக்கரிற் கத்தரியும் மிளகாயும் செய்யும் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அவருடைய கணக்கு மறைவானது. அதனைப் பின்தொடர்வோர் 180 பேர்; பெரும்பாலும் உறவினர். அவர்களுட் பலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்பவர். அக்கணக்கில் 260 படங்கள் உள. மகளின் சடங்குப் படங்கள், மகன் பள்ளிச் சின்னத்துடன் நிற்கும் படம், வீட்டின் முன்வாயில் தெளிவாகத் தெரியும் படம் ஆகியன அவற்றுட் சில. அறியாதவர் என்றோ, வேண்டாதவர் என்றோ அவர் ஏற்காது விட்டுவைத்த வேண்டுகோள்கள் 42.

மாசி மாதத்திற் கத்தரி மிகுதியாகக் காய்க்கின்றது. ஓரிரவு எட்டு மணிக்கு அவர் கணக்கைத் தொழிற்கணக்காக மாற்றுகின்றார். அக்கணமே பின்தொடர்வோர் தொகை 222 ஆகின்றது. வாங்குவோர் வந்து சேர்ந்தனர் என அவர் மகிழக்கூடும். உண்மையில் அவர்கள் இதுவரை படலைக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அதே 42 பேரே. கத்தரிக்காயின் படத்தைப் பார்க்க வருவோர் அதன்கீழ் மகளின் படத்தையும், மகனின் பள்ளி இன்னதென்பதையும், வீட்டு வாயிலையும் ஒருசேரக் காண்பர்.

மூன்று நாட் கழித்து மனைவி இதனைக் கண்டு சொல்ல, அவர் சொந்தக் கணக்கிற்குத் திரும்புகின்றார். இங்கு இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, சொந்தக் கணக்கிற்குத் திரும்பினும் கணக்கு தானாக மறைவாகாது. Account privacy என்னும் பகுதிக்குச் சென்று Private account என்பதைத் தாமே இயக்குதல் வேண்டும். இரண்டாவது, அதனை இயக்கிய பின்னரும் அந்த 42 பேரும் உள்ளேயே இருப்பர். மறைவாக்குதல் புதிதாக வருவோரைத் தடுக்குமேயன்றி, ஏற்கெனவே உட்புகுந்தோரை வெளியேற்றாது. பின்தொடர்வோர் பட்டியலைத் திறந்து அவர்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொருவராக நீக்குதல் வேண்டும். நீக்கப்பட்டமை அவர்களுக்கு அறிவிக்கப்படமாட்டாது. ஆயினும், அம்மூன்று நாளில் எவரேனும் படமொன்றைத் தம் தொலைபேசியிற் பதிந்து வைத்திருப்பின் அதனை மீட்க வழியில்லை.

4. காப்பு முறைகள்

இத்தொல்லையைத் தவிர்க்க இரு முறைகள் உள.

முதலாவது முறை, தோட்டத்திற்கெனப் புதிய கணக்கொன்றைத் திறத்தல். வீட்டிற்கும் சந்தைக்கும் ஒரே படலை வேண்டியதில்லை. ஒரே தொலைபேசியில் ஐந்து கணக்குகள் வரை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறிக்கொள்ளலாம். முகப்பின் மேற்பகுதியிற் காணும் பயனர்ப் பெயரைத் தொட்டாற் புதிய கணக்குச் சேர்க்கும் வரி தோன்றும். புதிய கணக்கிற் பழைய படமும் இல்லை. காத்திருக்கும் வேண்டுகோளும் இல்லை. ஆகவே அதனைத் தொழிற்கணக்காக மாற்றுவதனால் எவ்விதத் தீங்கும் நேராது. பழைய கணக்கு மறைவாகவே இருக்கும். பெரும்பாலான கமக்காரருக்கு இம்முறையே ஏற்றது.

இதிலும் ஒரு தவறு நேரக்கூடும். பிள்ளையின் பிறந்தநாட் படத்தைத் தோட்டக் கணக்கிலோ, கத்தரி விலையைக் குடும்பக் கணக்கிலோ மாறி இட்டுவிடுதல் அது. இரு கணக்குகளுக்கும் வெவ்வேறு முகப்படம் வைத்தல் நன்று. ஒன்றிற்கு ஒரு கத்தரிக்காயும் மற்றதற்குத் தம் முகமும் இருப்பின், படம் இடும் முன் ஒரு பார்வையிலேயே வேறுபாடு புலப்படும்.

இரண்டாவது முறை, பழைய கணக்கையே துப்புரவு செய்து மாற்றுதல். உறவினரும் ஊரவரும் ஏற்கெனவே பின்தொடரும் கணக்கை விட விரும்பாதோர் இதனைக் கைக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன் பின்வருவனவற்றை இவ்வரிசையிலேயே செய்தல் வேண்டும்:

(அ) காத்திருக்கும் வேண்டுகோள்கள் அனைத்தையும் திறந்து, வேண்டாதவற்றை அழித்துவிடுக. ஒன்றும் எஞ்சியிருத்தலாகாது.

(ஆ) குடும்பப் படங்களை Archive செய்க. படத்தின் மேல்மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் இவ்வரி காணப்படும். இவ்வாறு செய்த படம் அழிந்துபோகாது. உரியவர் மாத்திரம் பார்க்கத்தக்கதாய் உள்ளே வைக்கப்படும். விரும்பியபோது மீண்டும் வெளியிடலாம்.

(இ) முகப்பில் வட்டவடிவிற் காணும் கதைத் தொகுதிகளைப் பார்த்து, குடும்பத்துக்குரியவற்றை நீக்குக. படங்களை மறைத்தவர் பலர் மறந்துவிடுவது இதனையே.

(ஈ) பிறர் தம் படங்களில் நம் பெயரைக் குறித்திருப்பின், அவையும் நம் முகப்பிலிருந்து திறக்கத்தக்கவை. அப்பகுதியையும் பார்த்து வேண்டாதவற்றை நீக்குக.

5. மாற்றும் முறை

முகப்பின் மேல்மூலையிலுள்ள மூன்று கோடுகளைத் தொட்டு Settings and activity என்பதைத் திறக்கவும். அதில் Account type and tools என்பதையும், பின்னர் Switch to professional account என்பதையும் தொடவும். செயலி புதுப்பிக்கப்படும்போது இவ்வரிகளின் இடமும் சொல்லும் சிறிது மாறக்கூடும்.

அடுத்துத் தொழிலின் வகையைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்கப்படும். பொருத்தமான ஒன்றைத் தேடித் தேர்ந்துகொள்க. அதனை முகப்பிற் காட்டாது விடவும் வசதியுண்டு. பின்னர் Creator, Business என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்தல் வேண்டும். இத்தெரிவைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

இதன்பின் வரும் திரையில் நிதானம் வேண்டும். அது தொலைபேசி எண், மின்னஞ்சல், முகவரி ஆகியவற்றைக் கேட்கும் திரை. கணக்குத் திறந்தபோது கொடுத்த எண் இங்கு முன்னரே நிரப்பப்பட்டிருக்கலாம். பாராது அடுத்த பொத்தானை அழுத்தினால், அவ்வெண் முகப்பில் எவரும் அழைக்கத்தக்க பொத்தானாகிவிடும். விரும்பாதோர் Don't use my contact info என்பதைத் தொடவேண்டும். விற்பனைக்கெனத் தனியான சிம் அட்டை வைத்திருப்போர் அவ்வெண்ணை மட்டும் இடுதல் நன்று. வீட்டு முகவரியை இடுதல் வேண்டியதன்று. தலைமன்னார் என ஊர்ப்பெயரைக் குறிப்பிட்டாலே வாங்குவோருக்குப் போதும்.

இறுதியாக முகநூற் பக்கத்துடன் இணைக்குமாறு கேட்கப்படலாம். இணையாது விட்டாலும் மாற்றம் நிறைவேறும்.

6. பாட்டில் ஏற்படும் வரம்பு

வணிகக் கணக்கிற்கு மாறியோர் விரைவில் உணரும் குறை இது. நேற்றுவரை காணொளியிற் சேர்த்துவந்த திரைப்படப் பாட்டு இன்று தேடினும் கிடைப்பதில்லை. தொலைபேசி பழுதாயிற்று என்று எண்ணுதல் வேண்டா. பாட்டின் உரிமையாளர் அப்பாட்டைத் தனியாட்கள் பயன்படுத்தவே இசைவு கொடுத்துள்ளனர். பொருள் விற்பதற்குப் பயன்படுத்த அவ்விசைவு செல்லாது. ஆகவே வணிகக் கணக்கிற்கு உரிமைக் கட்டணமற்ற இசைத்தொகுதி மாத்திரமே பெரும்பாலும் திறந்துவிடப்படுகின்றது. படைப்பாளர் கணக்கிற்கு இவ்வரம்பு பொதுவாகக் குறைவு.

விற்பனைக்குப் பாட்டு இன்றியமையாததன்று. கத்தரியைக் கையிலேந்தி, இன்று பறித்தது, கிலோ இன்ன விலை, இன்ன இடத்தில் இன்ன நேரம் பெற்றுக்கொள்ளலாம் எனத் தம் குரலிற் கூறும் கமக்காரருக்கு வணிகக் கணக்கின் வரம்பினால் இழப்பில்லை. செய்கைமுறைகளைப் பாட்டுடன் படம்பிடித்துக் காட்டுவதில் நாட்டமுள்ளோர் படைப்பாளர் கணக்கைத் தெரிவுசெய்யலாம்.

7. செய்திப் பெட்டி

தொழிற்கணக்கிற் செய்திகள் Primary, General, Requests என மூன்றாகப் பிரிக்கப்படும். முன்பின் அறியாதவர் அனுப்பும் செய்தி Requests என்னும் பகுதியிற் போய்த் தங்கும். கத்தரி வாங்க எழுதுவோர் பெரும்பாலும் அறியாதவரே. பறித்த காய் ஓரிரு நாளில் வாடும். செய்தியோ கிழமைக்கணக்கில் அங்கே கிடக்கும். அறுவடைக் காலத்திற் காலையும் மாலையும் அப்பகுதியைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

ஒரே வினாவிற்கு மீண்டும் மீண்டும் எழுதாதிருக்க, Saved replies என்னும் வசதி தொழிற்கணக்கில் உண்டு. விலையும் பெறுமிடமும் அடங்கிய விடையொன்றை எழுதிச் சேமித்து, வேண்டியபோது ஒரு சொல்லினால் அழைத்துக்கொள்ளலாம். விலை மாறும்போது சேமித்த விடையையும் மாற்ற மறத்தலாகாது.

8. Insights என்னும் கணிப்பு

படங்களை எத்தனை பேர் பார்த்தனர், பின்தொடர்வோர் எவ்வூரினர், எந்நேரத்திற் பார்க்கின்றனர் என்பவற்றைக் காட்டும் கணக்கேடு இது. தொழிற்கணக்கிற்கே உரியது. இது மாற்றிய நாளிலிருந்தே எழுதப்படும். அதற்கு முன் இட்ட படங்களுக்குக் கணிப்பை எதிர்பார்த்தலாகாது. பின்தொடர்வோர் 100 பேருக்குக் குறைவாயின் ஊர், வயது முதலிய விவரங்கள் காட்டப்படமாட்டா.

இக்கணிப்பைப் படிப்பதிற் கமக்காரர் ஏமாறுதல் எளிது. மேற்கூறிய கத்தரிச் செய்கையாளர் தோட்டக் கணக்குத் திறந்து, ஆறு மாதத்தில் 400 பேர் பின்தொடர்வதாகக் கொள்வோம். அவர்களுள் தொரன்ரோ 30 வீதம், சென்னை 20 வீதம், மன்னார் 6 வீதம் எனக் கணிப்புக் காட்டுகின்றது. அதாவது தொரன்ரோவில் 120 பேர், சென்னையில் 80 பேர், மன்னாரில் 24 பேர். கத்தரி தொரன்ரோவிற்குச் செல்லாது. அவர் கவனிக்கவேண்டிய எண் 400 அன்று, 24. அடுத்த மாதம் மொத்தம் 500 ஆகி, மன்னாரின் பங்கு 5 வீதமானால் அங்குள்ளோர் 25 பேர் மாத்திரமே. நூறு பேர் கூடியும் சந்தை ஒருவராலேயே விரிந்துளது.

நேரத்திலும் இவ்வாறே. தொரன்ரோவில் கோடைகாலத்தில் இரவு எட்டு மணியாகும்போது நமக்கு மறுநாட் காலை ஐந்தரை மணி. ஆகவே பின்தொடர்வோர் மிகுதியாக விழித்திருக்கும் நேரம் விடியற்காலை எனக் கணிப்புக் காட்டக்கூடும். அது தொரன்ரோ உறவினரின் நேரம். மன்னாரில் மாலையிற் கறிக்குக் காய் தேடுவோரின் நேரம் அன்று.

நெற்செய்கையாளரின் நிலை வேறு. மொட்டைக்கறுப்பன் போன்ற அரிசி வாடுவதில்லை. மூட்டைகட்டிக் கொழும்பிற்கும் யாழ்ப்பாணத்திற்கும் அனுப்பத்தக்கது. அவர் மன்னாரோடு நில்லாது, தம் அரிசி சென்று சேரக்கூடிய எல்லா ஊர்களின் எண்ணையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். பொருள் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்து எண்ணே பயனுடையது.

கட்டணம் செலுத்திப் படத்தை மேலும் பலருக்குக் காட்டும் Boost என்னும் வசதிக்கும் இவ்விதி பொருந்தும். பணம் கட்டுமுன் எவ்வூராருக்குக் காட்டவேண்டும் என்பதைத் தாமே குறித்தல் வேண்டும்.

9. மாறாதவை

பயனர்ப் பெயர், படங்கள், முன்னரே பின்தொடர்வோர், தடைசெய்யப்பட்டோர் பட்டியல் ஆகியன மாறா. ஒருவர் பின்தொடரத்தக்க கணக்குகளின் உச்ச எல்லை 7,500. அது எல்லா வகைக் கணக்கிற்கும் ஒன்றே.

10. முகநூல் பற்றிய குறிப்பு

முகநூலிலும் சொந்த முகப்பைத் தொழிற்பாங்கிற்கு மாற்றலாம். அங்கு அது Professional mode எனப்படும். நண்பர் 5,000 என்னும் எல்லை அப்படியே இருக்கும். பின்தொடர்வோருக்கு அவ்வெல்லை இல்லை. இன்ஸ்டாகிராமினின்றும் இது வேறுபடுவது ஒரு முக்கிய வகையில்: முகநூலில் ஒவ்வொரு பதிவையும் யார் பார்க்கலாம் என்பதைத் தனித்தனியே குறிக்கலாம். நண்பருக்கு மட்டும் என முன்னர் இட்ட பதிவு அவ்வாறே இருக்கும். மாற்றிய பின் இடும் பதிவுகளிலேயே கவனம் வேண்டும். ஒவ்வொன்றிலும் Public என்றுளதா, Friends என்றுளதா எனப் பார்த்து இடுக.

11. சொந்தக் கணக்கிற்குத் திரும்புதல்

Account type and tools என்னும் அதே பகுதியிற் சொந்தக் கணக்கிற்குத் திரும்பும் வரி உண்டு. திரும்பினால் அதுவரை சேர்ந்த கணிப்பு அழிந்துபோகும். ஒரு போகத்தின் கணிப்பை அடுத்த போகத்துடன் ஒப்பிட விரும்புவோர், ஊர்வாரி எண்களை முன்னரே குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். விற்பனை ஓய்ந்த மாதங்களிற் சொந்தக் கணக்கிற்கு மாறி, அறுவடையில் மீண்டும் தொழிற்கணக்கிற்கு வருவோர் ஒவ்வொரு முறையும் இவ்வேட்டை இழப்பர். தோட்டத்திற்கெனத் தனிக்கணக்கு உள்ளோருக்கு இவ்வாறு மாறிமாறிச் செல்லவேண்டிய தேவையே எழாது.

சுருக்கம்

தொழிற்கணக்கை மறைவாக வைத்தல் இயலாது. மாற்றுமுன் காத்திருக்கும் வேண்டுகோள்களை அழித்து, குடும்பப் படங்களையும் கதைத் தொகுதிகளையும் உள்ளே எடுத்து வைக்கவும். இயலுமாயிற் புதிய கணக்கிலேயே மாற்றத்தைச் செய்யவும். தொடர்பு எண் கேட்கும் திரையிற் பாராது பொத்தானை அழுத்தற்க. திரும்பிச் செல்லும்போது Private account என்பதைத் தாமே இயக்கி, வேண்டாதோரை ஒவ்வொருவராக நீக்கவும்.